"போயிட்டு வரேன்" என்று யாரிடம் சொல்கிறோம்?

தருமபுரியில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். குடி, சந்தேகம், பெரிய சண்டை எதுவும் இல்லாமல் "என்னமோ ஒட்டுதல் போயிடுச்சு மேடம்" என்று வரும் தம்பதிகளிடம் முதலில் ஒன்றைக் கேட்பேன். இன்று காலை கிளம்பும்போது என்ன சொன்னீர்கள், அப்போது மற்றவர் எங்கே இருந்தார்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. விடியலில் கம்பெனி பஸ் வருவதற்குள் ஷூ மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்பார், அடுப்படியிலிருந்து "ம்ம்" என்று பதில் வரும். திரும்பி வந்ததும் "சாப்டியா?", "ஆச்சு." பதினொரு வருஷமாக ஒருநாள் கூட சொல்லாமல் போனதில்லை என்றார் அவர். மனைவி நிமிராமலே சொன்னார்: "கதவுகிட்ட சொல்லிட்டுப் போறாருங்க."

ஒரே சொல், ஒரே இடம், ஒரே குரல் என்றால் ஃபேன் சத்தம் மாதிரி காது அதை விட்டுவிடும். அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டாம், "போறேன்" என்று நிறுத்தாமல் "வரேன்" சேர்த்துச் சொல்வது நம் நல்ல வழக்கம். அதில் இல்லாதது இன்றைய நாள்தான். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், பிரியும் முன் துணையின் இன்றைய நாளில் நடக்கப்போகும் ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொள்ளச் சொல்கிறார். இதற்கு இரண்டு நிமிடம் போதும். அவர்களுக்கும் அதையே கொடுத்தேன்: ஷூ மாட்டுவதற்கு முன் அடுப்படி வரை போய் முகம் பார்த்துக் கேட்க வேண்டும், திரும்பியதும் சாப்பாடு, கேஸ், ஸ்கூல் ஃபீஸ் எதற்கும் முன்னால் அந்த விஷயத்தை விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அதுவும் தேய்ந்தது. "இன்னைக்கு என்ன?", "ஒன்னுமில்ல." இது அநேகமாக எல்லோருக்கும் நடக்கும், கேள்வியே சடங்காகிவிடும். நேற்றுக் கேட்டதிலிருந்து இன்றைய கேள்வியை எடுங்கள் என்றேன். தையல் மிஷின் பெல்ட் அறுந்தது என்று அவள் நேற்றுச் சொல்லியிருந்தால், "பெல்ட் மாத்த இன்னைக்குப் போறியா?" என்று கேட்கலாம். உண்மையாகக் கேட்டோமா என்று தெரிய ஒரு வழி உண்டு. மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது அவள் சொன்னது நினைவுக்கு வருகிறதா? வரவில்லை என்றால் காலையில் காதில் விழுந்ததோடு சரி. மனைவிக்கும் இதே கணக்குதான், "ம்ம்" என்று விட்டுவிடாமல் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் வீட்டுக்குள் வரும் நேரம்தான் அவள் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் நேரம், அதனால் அந்த இரண்டு நிமிடத்தை வாசல் கேட் அருகே வைத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும், வீட்டில் அடியோ பயமோ இருந்தால் இந்தப் பயிற்சி அதற்கு மருந்தல்ல. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு, பெண்களுக்கான உதவி எண் 181.

கடைசியாக வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "பெல்ட் சரியா உக்காந்துச்சான்னு கேட்டாருங்க. நான் அதைச் சொன்னதையே மறந்துட்டேன்."