மொரீஷியசில் மழைக்காலம் உண்டு, பருவக்காற்று ஏன் இல்லை?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை கொட்டுகிறது, அதனால் மொரீஷியசிலும் பருவக்காற்று வீசுகிறது என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். மழைக்காலம் வேறு, பருவக்காற்று வேறு. ஜனவரியிலும் ஜூலையிலும் ஓரிடத்தில் நிலையாக வீசும் காற்றின் திசை குறைந்தது 120 பாகையாவது மாறினால்தான் அதைப் பருவக்காற்று என்பார்கள். இங்கே அப்படி மாறுவதில்லை.

பிளேசான்ஸ் விமான நிலையத்தையே பாருங்கள். ஓடுபாதையின் ஒரு முனையில் 14 என்று எழுதியிருக்கும். அது 140 பாகையை, அதாவது தென்கிழக்கைக் குறிக்கிறது. விமானம் எதிர்க்காற்றில் இறங்குவதுதான் பாதுகாப்பு. தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் இங்கே பெரும்பாலும் தென்கிழக்கை நோக்கித்தான் இறங்குகின்றன. காற்று வரும் பக்கம் அதுதான்.

சரி, அழுத்தப் பட்டைகள்தான் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றனவே, இங்கே மட்டும் காற்று ஏன் திரும்பவில்லை? பாடப்புத்தகத்தில் ‘பட்டைகள் தலைகீழாகின்றன’ என்று படித்துவிட்டு, உயர் அழுத்தம் இருந்த இடமெல்லாம் தாழ்வழுத்தம் ஆகிவிடும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆசியாவின் நிலப்பரப்பில் அப்படி நடப்பது உண்மை. ஜனவரியில் சைபீரியாவில் 1035 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி உயர் அழுத்தம் நிற்கும். ஜூலையில் பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கம் 1000-க்கும் கீழே இறங்கிவிடும். மண்ணில் வெயிலின் சூடு மேல்மட்டத்தோடு நின்றுவிடுவதால் நிலம் சீக்கிரம் காய்ந்து சீக்கிரம் ஆறுகிறது. கடலில் அலைகள் அந்தச் சூட்டைப் பல பத்து மீட்டர் ஆழம்வரை கலக்கிவிடும். மொரீஷியசுக்குத் தெற்கே அண்டார்டிகா வரை வெறும் கடல்தான். அங்கே நிற்கும் மஸ்கரீன் உயர் அழுத்தம் மறைவதே இல்லை. ஜூலையில் 30 பாகைத் தெற்கை ஒட்டி வலுவாக நிற்கும். கோடையில் சற்றே வலு குறைந்து தெற்கே, கிழக்கே நகரும், அவ்வளவுதான்.

இனி உண்மையான சோதனை. வரைபடத்தில் அழுத்தம் மிகக் குறைந்த கோட்டை, அதாவது அயன இடை ஒருங்கல் வலயத்தை, முதலில் வரையுங்கள். ஜனவரியில் அது உங்கள் ஊருக்கு எந்தப் பக்கம், ஜூலையில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோடு உங்கள் ஊரைத் தாண்டி மறுபக்கம் போனால் காற்று திரும்பும்; தாண்டாவிட்டால் திரும்பாது.

சீஷெல்சை எடுத்துக்கொள்வோம். அது 4 பாகைத் தெற்கில் இருக்கிறது. ஜூலையில் அந்தக் கோடு வட இந்தியாவில். காற்று தெற்கிலிருந்து அதை நோக்கிப் புறப்பட்டு, தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம் விலகுவதால், தென்கிழக்குக் காற்றாகிறது. ஜனவரியில் கோடு இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 10 பாகைத் தெற்கு வரை இறங்கி சீஷெல்சைத் தாண்டிவிடுகிறது. இப்போது காற்று வடக்கிலிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து வந்து, அதே இடப்பக்க விலகலால் வடமேற்குக் காற்றாகிறது. முழுத் திருப்பம்! சென்னைக்கும் இதே கணக்குத்தான்: ஜூலையில் கோடு வடக்கே, ஜனவரியில் தெற்கே. அங்கே விலகல் மட்டும் வலப்பக்கம்.

மொரீஷியசோ 20 பாகைத் தெற்கில். ஜனவரியில் கோடு நெருங்கி வருகிறது, ஆனால் வழக்கமாகத் தீவைத் தாண்டுவதில்லை. வடக்கே தாழ்வு, தெற்கே உயர்வு என்ற அமைப்பு ஆண்டு முழுவதும் அப்படியே. காற்றின் வேகம் கோடையில் தணியும், திசை கிழக்குப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். கோடு நெருங்குவதாலும் கடல் சூடாக இருப்பதாலும் காற்றில் ஈரம் கூடுகிறது, மழை பெய்கிறது. தென்கிழக்குக் காற்று மலையேறும்போது கொட்டும் மழையோ எல்லா மாதமும் உண்டு. அதனால்தான் நடுப் பீடபூமியில் சில இடங்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை பெய்ய, மேற்குக் கரை காய்ந்து கிடக்கிறது.

சூறாவளிக் காலத்தில் ஓரிரு நாள் வடமேற்குக் காற்று அடிப்பதைப் பார்த்தவர்கள் இதை மறுக்கலாம். தென் அரைக்கோளச் சூறாவளி கடிகார முள் திசையில் சுழலும். மையம் நமக்குத் தென்மேற்கில் இருந்தால் நம்மீது வடமேற்குக் காற்றுதான் விழும். மையம் விலகிப் போனதும் பழைய தென்கிழக்குக் காற்று திரும்பிவிடும். பருவக்காற்றைத் தீர்மானிப்பது மாதச் சராசரி. அந்தச் சராசரியை இந்த ஓரிரு நாள் அசைப்பதில்லை.