வெள்ளத்தில் வழியில் மாட்டிக்கொண்டால் அலுவலகத்துக்கு என்ன எழுதுவது?

மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெருமழை நாளின் காலையில் செல்பேசி ஓயாது. வரும் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மேடம் ட்ரெயின் நின்னுடுச்சு, ட்ராக்ல தண்ணி, பத்து நிமிஷத்துல எடுத்துடுவாங்களாம், வந்துடுவேன், சாரி."

கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டிய செய்தி அது. அதில் பிழை தேடக் கூடாது. ஆனால் படிக்கிற மேலாளருக்கு அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அரை மணி கழித்து "இன்னும் எடுக்கல", அப்புறம் "வந்துட்டே இருக்கேன்". இடையில் மேலாளர் நான்கு முறை அழைத்திருப்பார். வழியில் நிற்பவரின் பேட்டரி அதிலேயே பாதி கரைந்திருக்கும்.

இந்தச் செய்தியை அனுப்பியவர் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 9 மணிக்கு அவர் வர வேண்டும், 10 மணிக்கு லாரி கிளம்ப வேண்டும், அதற்கான பில் அவர் பொறுப்பு. 8:20-க்கு அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

"மேடம், தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் 8:05-லிருந்து நிற்கிறது. நான் பத்திரமாக இருக்கிறேன். 9 மணிக்கு வர முடியாது. 10 மணி லாரிக்கான பில் தயார், பொதுக் கோப்புறையில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி. 8:50-க்கு மறுபடி சொல்கிறேன்."

முதல் செய்தியில் இருந்த "பத்து நிமிஷம்" இதில் இல்லை. பக்கத்தில் நிற்பவர் சொன்ன கணக்கு அது, யாருக்கும் உறுதியாகத் தெரியாது. உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: 9 மணிக்கு வர முடியாது. அதைச் சொல்லிவிட்டால் மேலாளர் உடனே இன்னொருவரைக் கையெழுத்துப் போடச் சொல்வார், லாரி நேரத்துக்குக் கிளம்பும். வந்து சேரும் நேரம் தெரியாவிட்டாலும், அடுத்து எப்போது தகவல் சொல்வோம் என்பது நம் கையில் இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் 8:50 வரை யாரும் அழைக்க மாட்டார்கள். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 8:50-க்கு ஒரு வரி போட்டுவிட வேண்டும்.

வந்து சேரும் நேரத்தைச் சொல்லாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "பத்து மணிக்கு வந்துடுவேன்" என்று எழுதியவர், அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகவே தண்ணீரில் இறங்குகிறார். வேகமாக ஓடும் தண்ணீர் சுமார் 15 செ.மீ. இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும்; 30 செ.மீ. சிறிய காரையே மிதக்கவைத்துவிடும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் மூடி திறந்த சாக்கடை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எந்த பில்லும் அதற்கு ஈடாகாது.

செய்தி போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக் என்றால் மேலாளருடைய போனுக்கு இன்னும் போகவில்லை. இணையம் திணறும்போது சாதாரண எஸ்எம்எஸ் போய்விட வாய்ப்பு அதிகம். ஆனால் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 எழுத்து வரைதான்; புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தாண்டினால் துண்டுகளாகப் பிரிந்து போகும். மேலே உள்ளதைச் சுருக்கினால்: "ரயில் நிற்கிறது. 9-க்கு வர இயலாது. பில் தயார். 8.50-க்கு சொல்வேன்". இது ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும். இரைச்சலான இடத்திலிருந்து குரல் பதிவு அனுப்ப வேண்டாம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளரால் அதைக் கேட்க முடியாது.

சரி, 8:50-க்கு ரயிலை முந்தைய நிலையத்துக்கே திருப்பிவிட்டார்கள், பேருந்தும் ஓடவில்லை. பலர் இங்கே "என்ன பண்றது மேடம்?" என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள். மேலாளர் ஒரே சொல்லில் பதில் தரும்படி கேட்டால் இருவருக்கும் வேலை குறையும்: "ரயில் திரும்பிவிட்டது, பேருந்தும் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிறேன். 11-லிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டுமா, இன்று விடுப்பாகப் போடட்டுமா?"

கடைசியாக வருகைப் பதிவு. மேலாளர் "சரி" என்று வாட்ஸ்அப்பில் போட்டது சம்பளக் கணக்குப் பார்ப்பவருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் அந்த நாள் "வரவில்லை" என்று விழுந்து, சம்பளம் பிடிக்கப்பட்ட பிறகு வருத்தத்தோடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று மாலையே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: தேதி, ரயில் நின்ற நேரம், தகவல் சொன்ன நேரம், மேலாளர் அனுமதித்தது, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வேலை பார்த்தீர்கள் என்பது. ரயில் நிர்வாகம் வெளியிட்ட அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் அதையும் இணைத்துவிடுங்கள். சில நாள் கழித்துத் தேடினால் அது கிடைக்காமல் போகலாம்.