வலீமாச் சாப்பாட்டுக்குப் பிறகு வயித்தோட்டம்: எந்தக் கறி எண்டு அட்டவணை எப்படிக் காட்டும்?

கலியாண வீட்டுல சாப்பிட்டுப் போனவங்க இருவது முப்பது பேர் ராவோட ராவா ஆஸ்பத்திரிக்கு வந்தா, விடியிறதுக்குள்ளயே ஊர் தீர்ப்புச் சொல்லிடும். ஒரு ஆள் வட்டிலப்பம் எண்டுவார், இன்னொருவர் கோழி பழசு எண்டுவார், சமையல்காரர் தண்ணியில பிழை எண்டுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரா அந்த வீட்டு வாசலுக்குப் போய் நிக்கிற எங்களுக்கு இந்தக் கதையள் எல்லாம் காதுல விழும், ஆனா அதை வச்சு ஒண்டும் எழுத ஏலாது. எழுதக்கூடியது ஒரு அட்டவணை. யார் எதச் சாப்பிட்டாங்க, யார் சாப்பிடல்ல, ரெண்டு பக்கத்துலயும் எத்தின பேருக்கு நோய் வந்திச்சு. இதத்தான் அட்டாக் ரேட் டேபிள் எண்டு சொல்லுற. பெரிய கணக்கு ஒண்டும் இல்ல, பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சாக் காணும், ஆனா வாசிக்கிற இடத்துலதான் கன பேர் சறுக்குறாங்க, அதால ஒரு உதாரணத்த வச்சு முழுசா விளங்கப்படுத்துறன்.

கல்முனைப் பக்கம் ஒரு வலீமா எண்டு வைங்க. (நடந்த ஒரு வீட்டக் குறிச்சுச் சொல்லல்ல, நம்பர் எல்லாம் கணக்கு விளங்குறதுக்காக நான் போட்டது.) ஞாயிறு பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. சகன்ல நெய்ச்சோறு, சுத்திவரக் கோப்பைகள்ல மாட்டிறைச்சிக் கறி, கோழிப் பொரியல், கத்தரிக்காய் மோஜு, கடைசில வட்டிலப்பம். ராவு ஒம்பது மணிக்குப் பிறகு ஒவ்வொருத்தரா வயித்து வலி, தண்ணியா வயித்தால போகுது எண்டு வரத் தொடங்குறாங்க. நடுச்சாமத்துலதான் கூட. சத்தி குறைவு, காய்ச்சல் அனேகமா இல்ல.

அட்டவணைக்கு முதல் ரெண்டு வேல இருக்கு. ஒண்டு, யார நோயாளி எண்டு எண்ணுற எண்டத முன்னுக்கே முடிவு செய்யிறது. "ஞாயிறு பின்னேரம் ஆறு மணியில இருந்து திங்கள் பின்னேரம் ஆறு மணிக்குள்ள மூணு தரமோ அதுக்கு மேலயோ தண்ணியாப் போனவர்" எண்டு வச்சா அதுதான் அளவு, "எனக்கும் வயிறு ஒரு மாதிரி இருந்திச்சு" எண்டு சொல்லுறவரச் சேக்க ஏலாது, ஏனெண்டா செய்தி கேட்டாப் பிறகு எல்லாருக்கும் வயிறு ஒரு மாதிரித்தான் இருக்கும். மற்றது இன்னும் முக்கியம், சுகமா இருக்கிறவங்களையும் தேடிப் போய்க் கேக்கணும். வார்ட்டில படுத்திருக்கிறவங்கள மட்டும் கேட்டா அவங்கள்ல அனேகமா எல்லாரும் மாட்டிறைச்சி சாப்பிட்டம் எண்டுவாங்க, கோழியும் சாப்பிட்டம் எண்டுவாங்க, சோறு எல்லாரும் சாப்பிட்டதுதான், அதுல இருந்து ஒண்டும் பிரிச்செடுக்க ஏலாது. அழைப்பு லிஸ்ட்ட வாங்கி, நோய் வந்தவங்க வராதவங்க எல்லாருக்கும் ஒரே பேப்பர்ல இருக்கிற ஒரே கேள்விகள, ஒவ்வொரு சாப்பாட்டையும் பேர் சொல்லிக் கேக்கணும். "எதுல சந்தேகம்?" எண்டு கேக்கவே கூடாது.

நூறு பேர விசாரிச்சம், அதுல 50 பேருக்கு நோய் எண்டு வைங்க. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் முதல் நம்பர் நோய் வந்தவங்க, அடுத்தது மொத்தம்.

| சாப்பாடு | சாப்பிட்டவங்க | சாப்பிடாதவங்க |
|---|---|---|
| நெய்ச்சோறு | 50 / 98 (51%) | 0 / 2 (0%) |
| மாட்டிறைச்சி | 46 / 64 (72%) | 4 / 36 (11%) |
| கோழிப் பொரியல் | 41 / 80 (51%) | 9 / 20 (45%) |
| கத்தரிக்காய் மோஜு | 37 / 60 (62%) | 13 / 40 (33%) |
| வட்டிலப்பம் | 15 / 20 (75%) | 35 / 80 (44%) |

முதல் பார்வையில கண் போற இடம் 75%. வட்டிலப்பம் சாப்பிட்டவங்கள்ல நாலுல மூணு பேருக்கு நோய், ஊர் சொன்னதும் அதுதான், கதை முடிஞ்சிச்சு எண்டு நினைச்சிடுவம். ஆனா அந்த வரியோட மற்றப் பக்கத்தப் பாருங்க. வட்டிலப்பம் தொடாதவங்கள்லயும் 44% பேருக்கு நோய். நோய் வந்த 50 பேர்ல வட்டிலப்பம் சாப்பிட்டவங்க 15 பேர்தான், அப்ப மிச்சம் 35 பேருக்கு எங்க இருந்து வந்தது? குற்றவாளிச் சாப்பாட்டுக்கு மூணு அடையாளம் இருக்கணும்: சாப்பிட்டவங்கள்ல வீதம் கூட, சாப்பிடாதவங்கள்ல குறைவு, நோயாளிகள்ல பெரும்பகுதி அதச் சாப்பிட்டிருக்கணும். வட்டிலப்பம் முதலாவதுல மட்டும்தான் தேறுது.

கோழியில 51க்கு 45, அதாவது சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு, அத விடலாம். மாட்டிறைச்சியில 72க்கு 11. வகுத்துப் பாத்தா ஆறரை மடங்கு, 50 பேர்ல 46 பேர் அதச் சாப்பிட்டவங்க. மூணு அடையாளமும் இருக்கு.

நெய்ச்சோத்து வரியையும் பாக்கணும், அதுல சாப்பிடாதவங்க பக்கம் பூச்சியம். பூச்சியத்துக்கு எதிரா 51% எண்டா இதுதானே சுத்தமான வித்தியாசம் எண்டு சிலர் வாதாடுவாங்க. ஆனா சோறு சாப்பிடாதவங்க மொத்தமே ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு நோய் வந்திருந்தா அது 50%மா மாறியிருக்கும். எல்லாரும் சாப்பிட்ட ஒண்டப் பத்தி இந்த அட்டவணையால பிழையெண்டும் சொல்ல ஏலாது, சரியெண்டும் சொல்ல ஏலாது. எங்கட பகுதியில சகன் சாப்பாட்டுல இது பெரிய கரச்சல், ஆறு பேர் ஒரே சகன்ல கைவச்சா சோத்துக்கு "சாப்பிடல்ல" எண்ட வரியே கிடைக்காது. கறிகள் தனிக் கோப்பையில வாறதால அதுகளப் பிரிக்கலாம், சோத்த சமையல் நேரத்த விசாரிச்சு, சாம்பிள் எடுத்துத்தான் பாக்கணும்.

இப்ப மோஜுக்கு வருவம், ஏனெண்டா உண்மையான சிக்கல் அங்கதான். 62க்கு 33, ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இது சும்மா வார வித்தியாசம் இல்ல. அப்ப மோஜுலயும் பிழையா? மோஜு எடுத்தவங்க அனேகமா மாட்டிறைச்சியோடதான் எடுத்திருப்பாங்க, சாப்பாட்டுல அது ரெண்டும் சோடி. அதால ரெண்டையும் பிரிச்சு நாலு கூட்டமாப் போட்டுப் பாக்கணும்.

ரெண்டும் சாப்பிட்டவங்க 50 பேர், நோய் 36 (72%). மாட்டிறைச்சி மட்டும் சாப்பிட்டவங்க 14 பேர், நோய் 10 (71%). மோஜு மட்டும் சாப்பிட்டவங்க 10 பேர், நோய் 1 (10%). ரெண்டும் தொடாதவங்க 26 பேர், நோய் 3 (12%).

மாட்டிறைச்சி இருந்தா மோஜு சேந்தாலும் சேராட்டியும் எழுவது சொச்சம், மாட்டிறைச்சி இல்லாட்டி மோஜு சாப்பிட்டாலும் பத்துச் சொச்சம். மோஜுல தெரிஞ்ச அந்த ரெண்டு மடங்கு முழுக்க மாட்டிறைச்சியோட நிழல். வட்டிலப்பத்தையும் இப்படியே பிரிச்சா விளங்கும், முதல் பந்தியோட அது முடிஞ்சிட்டு, அதச் சாப்பிட்ட 20 பேரும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டவங்க. வட்டிலப்பம் இல்லாம மாட்டிறைச்சி சாப்பிட்ட 44 பேர்ல 31 பேருக்கு நோய், அது 70%. 75க்கும் 70க்கும் இடையில ஒண்டும் இல்ல. இந்தப் பிரிப்பச் செய்யாம ரிப்போட் எழுதினா வட்டிலப்பம் செஞ்சு குடுத்த ஒரு தாயோட தொழில் போயிடும், ஒரு பிழையும் செய்யாம. எனக்கு இந்த வேலையில ஆகப் பெரிய பயம் அதுதான்.

"மாட்டிறைச்சி தொடாத நாலு பேருக்கும் வந்திருக்கே, அப்ப உங்கட கணக்குப் பிழை" எண்டு வீட்டுக்காரர் கேப்பாங்க. நியாயமான கேள்வி, அந்த நாலு பேரையும் திருப்பிப் போய்ப் பாக்கணும். இறைச்சித் துண்டு எடுக்காம குழம்ப மட்டும் சோத்துல விட்டிருப்பாங்க, கேட்டா "சாப்பிடல்ல" எண்டுவாங்க. ஒரே அகப்பையால ரெண்டு கறியும் அள்ளியிருக்கலாம், பின்னேரம் பார்சல்ல போனதச் சாப்பிட்டிருக்கலாம், மறதியாவும் இருக்கலாம், இல்லாட்டி அந்த நேரத்துல வேற காரணத்தால வந்த வயித்தோட்டமாவும் இருக்கலாம். 1940ல அமெரிக்காவுல ஒஸ்வேகோ மாவட்டத்துல ஒரு தேவாலய விருந்துக்குப் பிறகு நடந்த விசாரணை இண்டைக்கும் பாடமாப் படிப்பிக்கிறாங்க, அங்க வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேர்ல 43 பேருக்கு நோய், சாப்பிடாத 21 பேர்லயும் 3 பேருக்கு நோய். அந்த மூணு பேர் இருந்தும் ஐஸ்கிரீம் தப்பிக்கல்ல. அதே மாதிரி மாட்டிறைச்சி சாப்பிட்டும் சுகமா இருக்கிற 18 பேரும் கணக்க உடைக்க மாட்டாங்க, ஒரு துண்டு சாப்பிட்டவரும் ஒரு கோப்பை சாப்பிட்டவரும் ஒண்டில்ல, கிடாரத்துக்குள்ள மேலயும் அடியிலயும் கிருமி ஒரே அளவா இருக்காது.

அட்டவணை கறியக் காட்டும், கிருமியக் காட்டாது. கிருமிக்கு நேரமும் குணங்குறியும் கதைக்கும். சாப்பிட்டு ஒண்டுல இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ள சத்தி பிச்சுக்கொண்டு வந்தா ஸ்டெபிலோகொக்கஸ் நஞ்ச நினைக்கணும். காய்ச்சலோட அடுத்த நாள், அதுக்கு அடுத்த நாள் எண்டு இழுபட்டா சல்மொனெல்லா. இங்க எட்டுப் பன்னெண்டு மணித்தியாலம், வயித்து முறுக்கு, தண்ணியாப் போறது, காய்ச்சல் இல்ல, பெரிய கிடாரத்துல ஆக்கின இறைச்சி, அப்ப குளொஸ்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ்தான் முதல் சந்தேகம். அதோட வித்து கொதிச்சாலும் சாகாது. சனிக்கிழம ராவு பத்து மணிக்கு ஆக்கி இறக்கின கிடாரத்த மூடி அப்படியே வச்சா, நடுவுல இருக்கிற இறைச்சி விடியும்வரைக்கும் இளஞ்சூட்டுலதான் கிடக்கும், 43ல இருந்து 47 பாகை அளவுல இந்தக் கிருமி பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ரெட்டிக்கக்கூடியது. பகல் பரிமாறக்குள்ள மேலால சூடாக்கினாக் காணாது. அதால சமையல்காரர்ட்ட கேக்க வேண்டிய கேள்வி "இறைச்சி பழசா?" எண்டு இல்ல, எத்தின மணிக்கு இறக்கினீங்க, எதுல வச்சீங்க, மூடினீங்களா, எத்தின மணிக்குத் திருப்பிச் சூடாக்கினீங்க, கொதி வந்திச்சா எண்டுதான். ராவே ஆக்கணும் எண்டா ஆழம் குறைஞ்ச தட்டுகள்ல பிரிச்சு ஆறவச்சு குளிருக்குப் போடணும், இல்லாட்டி விடியக்காலம ஆக்கிச் சூட்டோட குடுக்கணும்.

மிச்சக் கறி கிடைச்சா சுத்தமான போத்தல்ல ஐஸ் பெட்டியில வச்சு அனுப்பணும், ஃப்ரீசர்ல உறைய வச்சா இந்தக் கிருமி செத்துப்போய் லேப்ல ஒண்டும் வராமப் போகலாம். நோயாளிகளோட மலச் சாம்பிள முதல் ரெண்டு நாளுக்குள்ள எடுக்கணும். அனேகமா நாங்க போகக்குள்ள கிடாரத்தக் கழுவிக் கவுத்திருப்பாங்க, அப்ப அட்டவணைதான் மிச்சம். லேப் முடிவு வாறவரைக்கும் ரிப்போட்டில "மாட்டிறைச்சிக் கறியோட வலுவான தொடர்பு" எண்டு எழுதலாம், "மாட்டிறைச்சியில கிருமி இருந்திச்சு" எண்டு எழுத ஏலாது.

ஆனா ஒரு வேலைக்கு லேப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்ல. திங்கள் பின்னேரம் அட்டவணை கைக்கு வந்த உடனே, கலியாண வீட்டுல இருந்து யார் யாருக்குப் பார்சல் போனது எண்டு கேட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கோல் எடுத்து, ஃப்ரிட்ஜ்ல இருக்கிற அந்தக் கறியச் சூடாக்கிச் சாப்பிட வேணாம், எறிஞ்சிடுங்க எண்டு சொல்லணும். அந்த லிஸ்ட்ட முதல் நாளே கேட்டு எழுதி வச்சிருந்தா ரெண்டாவது தரம் ஆஸ்பத்திரிக்கு வாற கூட்டத்தக் குறைக்கலாம்.