‘Signature Not Verified’ என்று வந்தால் பச்சை மைக்கு அலையாதீர்கள்

போன ஆண்டு அட்மிஷன் சமயம். குடியாத்தம் பக்கத்து நெசவாளி ஒருவர் மகளின் சாதிச் சான்றிதழோடு வேலூரில் ஒரு கல்லூரிக்குப் போனார். இ-சேவை மையத்தில் எடுத்த பிரிண்ட். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கையெழுத்து வெரிஃபை ஆகலன்னு போட்டிருக்கே. தாசில்தார் கிட்ட பச்சை மையில வாங்கிட்டு வாங்க” என்றார். தாலுகா அலுவலகத்திலோ, “கம்ப்யூட்டர் சான்றுல நாங்க கையெழுத்து போடறதில்லப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் பஸ் செலவு, மூன்று நாள் தறி நின்றது.

இரண்டு இடத்திலும் யாரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை.

சட்டம் சுருக்கமானது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 5: கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கேட்கும் இடத்தில் முறையான மின்னணுக் கையெழுத்து போதும். பச்சை மை என்ற பேச்சே அதில் இல்லை.

கையெழுத்து எப்படி விழுகிறது என்று தெரிந்தால்தான் வாதாட முடியும். சான்றிதழ் கோப்பை ஒரு கணக்கில் போட்டு சின்னக் கைரேகை ஒன்றை எடுக்கிறார்கள்; அதுதான் ஹாஷ். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். அந்த ஹாஷில் அதிகாரி தன் தனிச் சாவியால் கையெழுத்திடுகிறார். பார்ப்பவர் கையில் இருப்பது பொதுச் சாவி. அவர் கம்ப்யூட்டர் கோப்பின் ஹாஷை மறுபடி எடுத்து, கையெழுத்தோடு பொருந்துகிறதா என்று அந்தப் பொதுச் சாவியால் பார்க்கும். பொதுச் சாவியால் சரிபார்க்கலாம், கையெழுத்திட முடியாது.

இங்கே கேள்வி இரண்டு: கோப்பு மாறியதா? சாவி யாருடையது? இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் மக்கள் அலைகிறார்கள்.

அடோபி ரீடரில் மஞ்சள் கேள்விக்குறியோடு `Validity Unknown` வந்தால், பெரும்பாலும் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கோப்பு மாறவில்லை. சாவிக்காரரை இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாவி இன்னாருடையது என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக உறுதி சொல்லும் சங்கிலியின் உச்சியில் இருப்பது இந்திய அரசின் மூலச் சான்று. அதை ரீடர் பல சமயம் தானாக நம்புவதில்லை. கவுண்டரில் பார்த்த வாசகமும் இதே கதைதான். பிரௌசரில் திறந்து பிரிண்ட் எடுத்தால், எதையும் சரிபார்க்காமலே ‘Signature Not Verified’ என்ற அந்தப் படம் தாளில் விழும். சிவப்புக் குறியோடு ஆவணம் திருத்தப்பட்டது என்று வந்தால் உண்மையிலேயே பயப்பட வேண்டும்.

கம்ப்யூட்டரில் இப்படிச் செய்யுங்கள். கையெழுத்தைக் கிளிக் செய்து `Signature Properties`, பிறகு `Show Signer's Certificate`. இடப்பக்கம் சங்கிலி போல் பெயர்கள் தெரியும். அதன் உச்சியில் `CCA India` என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா பாருங்கள்; மின்னணுக் கையெழுத்துச் சான்று தரும் நிறுவனங்களை மேற்பார்க்கும் மத்திய அரசு அலுவலகம் அது. கீழே சொல்லும் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அதைத் தேர்ந்து `Trust` பகுதியில் `Add to Trusted Certificates` கொடுத்துவிட்டு, திரும்பி வந்து `Validate Signature` அழுத்தினால் பச்சை டிக் வரும்.

மையத்தில் சில தம்பிகள் சங்கிலியைப் பார்க்காமல், கையெழுத்துக்காரர் பெயரையே நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து டிக் வரவைக்கிறார்கள். இது ஆபத்து. தாசில்தார் என்ற பெயரில் யாரும் ஐந்து நிமிடத்தில் ஒரு சாவி செய்துகொள்ளலாம். அதற்கும் பச்சை டிக் வந்துவிடும். உச்சியில் இருப்பது அரசின் மூலச் சான்றுதானா என்று பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதன் `SHA-1` அல்லது `SHA-256` எண்ணை `cca.gov.in` தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு ஏமாற்றம்: அந்த டிக் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, கோப்பில் இல்லை. கல்லூரிக் கம்ப்யூட்டரில் மறுபடி கேள்விக்குறியே வரும். அங்கே உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டத்தான் வேண்டும்.

அதைவிடப் பெரிய கேடு, கோப்பைக் கெடுப்பது. 200 கேபிக்குள் வேண்டும் என்று இணையதளம் கேட்கும். மையத்தில் சுருக்கிக் கொடுப்பார்கள். சுருக்கினால், `Print to PDF` கொடுத்தால், இரண்டு சான்றை ஒன்றாக ஒட்டினால், கையெழுத்து உடையும் அல்லது காணாமலே போகும். போட்டோ, ஸ்கேன், ஜெராக்ஸ் எதிலும் அது கிடையாது. தாள் வெறும் படம். ஆகவே இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, சுருக்கியதைத் தனிப் பெயரில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

நெசவாளியின் மூலக் கோப்பு மகளின் போனில் மின்னஞ்சலில் கிடந்தது. என் கம்ப்யூட்டரில் திறந்தபோது ஆவணம் மாறவில்லை என்றே காட்டியது. சங்கிலியும் சரி. மறுநாள் பென் டிரைவோடு போனார். கவுண்டரில் கேட்கச் சொல்லி நான் அவரிடம் சொல்லியிருந்தது ஒன்றே: “மறுத்தா காரணத்தை எழுதிக் குடுங்க சார்.” எழுத யாரும் முன்வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்து, சான்றை வாங்கிக்கொண்டார்கள்.