லீலை: அலகிலா விளையாட்டு

கோயில் அழைப்பிதழில் 'பிட்டுக்கு மண் சுமந்த லீலை' என்று அச்சிடுகிறோம். அதே வாரம் செய்தித்தாளில் 'சாமியாரின் லீலைகள் அம்பலம்' என்று படிக்கிறோம். ஒரே சொல் இப்படிக் கருவறைக்கும் காவல் நிலையத்துக்கும் போய் வருவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் லீலா என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கே விளையாட்டு, ஒயில், காதல் குறும்பு, சிரமமில்லாமல் செய்வது என்று பல பொருள்கள் உண்டு. செய்தித்தாள் அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொச்சையாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் பழைய ஏடுகளில் 'இலீலை' என்றும் காணலாம்.

தத்துவத்தில் இந்தச் சொல் ஒரு சங்கடமான கேள்விக்கு விடையாக வருகிறது. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், முதல் பாதத்தில் எதிர்வாதி கேட்கிறான்: எவரும் ஒரு பயனைக் கருதித்தான் செயலில் இறங்குகிறார்கள், குறையே இல்லாத கடவுளுக்கு அடைய வேண்டிய பயன் எதுவும் இல்லை, பிறகு எதற்காக உலகத்தைப் படைக்க வேண்டும்? படைத்தார் என்றால் அவருக்கு ஏதோ குறை இருந்தது என்றாகிவிடும். விடை ஒரே வரி: 'லோகவத் து லீலா கைவல்யம்'. உலகத்தில் காண்பது போலவே, இது வெறும் விளையாட்டு.

உலகத்தில் எங்கே காண்கிறோம்? ஆசைகளெல்லாம் நிறைவேறிய அரசன் பொழுதுபோக்காக விளையாடுவதைத் தன் உரையில் சொல்கிறார் சங்கரர். மூச்சு தானாக வந்து போவதையும் சேர்த்துச் சொல்கிறார். ராமானுஜர் ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வெல்வதற்கு இனி எதுவும் இல்லாத அவனும் பந்தாடுகிறான். அவனுக்குப் பந்தாடுவதே பயன். பற்றாக்குறையால் நடப்பது வேலை, நிறைவால் நடப்பது விளையாட்டு என்பதுதான் சூத்திரத்தின் கருத்து. 'லீலை என்றால் கடவுளுக்குப் பொழுது போகவில்லை' என்று மேடையில் கேலி செய்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

இதற்குத் தமிழ்ச் சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. கம்பன் தன் காப்பியத்தின் முதல் பாட்டிலேயே வைத்துவிட்டான்.

உலகம் யாவையும் தாம்உள ஆக்கலும்
நிலைபெறுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகு இலா விளையாட்டு உடையார் அவர்
தலைவர் அன்னவர்க்கே சரண் நாங்களே.

ஆக்குவது, நிலைநிறுத்துவது, நீக்குவது என்ற மூன்று தொழிலையும் அடுக்கிவிட்டு, அவற்றுக்கெல்லாம் சேர்த்து 'விளையாட்டு' என்று ஒரே பெயரைக் கொடுக்கிறான். 'நீங்கலா' என்பதால் அது இடையில் விட்டுப்போவதில்லை. 'அலகு இலா' என்பதால் அதற்கு அளவும் இல்லை. இந்த முதல் பாட்டில் தெய்வத்தின் பெயரே இல்லை என்பதையும் கவனிக்கலாம். விளையாட்டு உடையவர் என்பதுதான் அடையாளம்.

விளையாட்டு என்ற சொல்லைத் தமிழ் அற்பமாக எண்ணியதும் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்று நான்கைச் சொல்கிறார்: 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே.' பொருள்வளம், அறிவு, காதலர் கூடல் ஆகியவற்றோடு விளையாட்டுக்கும் சரியாசனம். அதிலும் 'அல்லல் நீத்த' என்ற அடைமொழி கூர்மையானது. பிறர் அல்லலில் பிறக்கும் களிப்பு இந்தக் கணக்கில் சேராது என்று உரை சொல்வதுண்டு.

அந்த 'அல்லல்' நம்மாழ்வாரிடம் மறுபடி வருகிறது. திருவாய்மொழியில் 'சன்மம் பலபல' என்று தொடங்கும் பதிகத்தில், துன்பமும் இன்பமும் ஆகிய வினையாய், உலகங்களாய், 'இன்பமில் வெந்நரகாகி', இனிய சுவர்க்கங்களாய், பல உயிர்களாய் இருப்பவனை 'இன்புறும் இவ்விளையாட்டுடையான்' என்கிறார். அவனைப் பெற்றதால் 'ஏதும் அல்லல் இலனே' என்று முடிக்கிறார். நரகத்தை அவர் பட்டியலிலிருந்து அடித்துவிடவில்லை. துன்பமே இல்லை என்பவரின் மகிழ்ச்சி அல்ல இது. துன்பத்தையும் உள்ளே வைத்திருக்கும் ஆட்டத்தின் உடையவனோடு தனக்கு உறவு உண்டு என்பவரின் மகிழ்ச்சி.

திருவெம்பாவைப் பெண்கள் இன்னும் ஒருபடி போகிறார்கள். தில்லையில் ஆடும் கூத்தன் வானையும் நிலத்தையும் 'எல்லோமும்', அதாவது நம் எல்லோரையும், 'காத்தும் படைத்தும் கரந்தும் விளையாடி' நிற்கிறான் என்று பாடுகிறார்கள். பாடும்போது அவர்கள் கை கட்டி நிற்கவில்லை. பேச்சுப் பேசிக்கொண்டு, வளையல் ஒலிக்க, பூத்த பொய்கையில் குடைந்து நீராடுகிறார்கள். அவன் ஆட்டத்தைப் பாடுவதற்கு இவர்களுக்குத் தெரிந்த வழி இவர்களும் ஆடுவதுதான்.

சரி, பசித்தவனிடம் போய் 'எல்லாம் அவன் விளையாட்டு' என்று சொல்லலாமா? பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால் 'பரந்து கெடுக உலகியற்றியான்' என்று சபித்தவர் வள்ளுவர். பிரம்ம சூத்திரமும் இந்தக் கேள்வியை நழுவவிடவில்லை. அடுத்த சூத்திரமே கடவுளுக்குப் பாரபட்சமும் கொடுமையும் உண்டா என்பதுதான். உயிர்களின் வினையை ஒட்டியே ஏற்றத்தாழ்வு வருகிறது என்று அது சமாதானம் சொல்கிறது. தர்க்கத்துக்கு அது போதும். மனத்துக்குப் போதுமா என்றால், எனக்கு மதுரைக் கதைதான் கூடுதலாகப் பேசுகிறது.

வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. கூலியாள் ஒருவன் வருகிறான். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேச்சு. வயிறாரத் தின்றுவிட்டுக் கூடையோடு போனவன் கொஞ்சம் மண் சுமக்கிறான், கொட்டுகிறான், தண்ணீரில் குதிக்கிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும், அவன் தேவியர் மீதும், ஊரார் மீதும், எல்லா உயிர்கள் மீதும் விழுகிறது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைகிறான், கரை அடைபடுகிறது.

வடமொழி உரைகளில் விளையாடுபவன் எதுவும் தேவைப்படாத அரசன். இங்கே அரசன் பிரம்பைப் பிடித்திருக்கிறான். விளையாடுபவன் கூலிக்காரன், அடி வாங்குபவனும் அவனே. தான் அடி வாங்காமல் பிறரை வைத்து ஆடுவதுதான் கொடுமை. வலி எல்லோருக்கும் பொது என்று காட்டும் இந்த ஆட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இது நடத்திக் காட்டப்படுகிறது.

பரஞ்சோதி முனிவர் இத்தகைய 64 நிகழ்ச்சிகளைப் பாடிய நூலுக்குப் பெயர் திருவிளையாடற் புராணம். ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை: ஒரு குறிப்பிட்ட அருட்செயலைச் சொல்லும்போது 'திருவிளையாடல்', படைப்பு முழுவதையும் பற்றிய தத்துவத்துக்கு 'அலகிலா விளையாட்டு', சுருக்கமாக 'விளையாட்டு'. ராசலீலை, ராமலீலை போன்ற பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். அவை அந்தந்த நிகழ்ச்சிக்கு உரிய பெயர்கள். சைவ சித்தாந்தத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. அவர்கள் விளையாட்டு என்ற சொல்லை ஏற்றுக்கொண்டாலும் உயிர்களை மலம் என்னும் கட்டிலிருந்து மீட்கும் அருளே அதன் நோக்கம் என்பார்கள்; அங்கே போய் 'நோக்கமற்ற விளையாட்டு' என்று எழுதினால் அது அவர்கள் கொள்கை ஆகாது.