கரண்ட் மிரர் ஏன் அச்சு அசலாக நகலெடுப்பதில்லை?

ஒரு சிப்புக்குள் ஓரிடத்தில் துல்லியமான 100 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டத்தை உருவாக்கிவிட்டால், அதையே வேண்டிய இடங்களுக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுக்கிற வேலை கரண்ட் மிரருடையது. இரண்டே டிரான்சிஸ்டர் போதும். முதல் மாஸ்ஃபெட்டின் கேட்டையும் டிரெயினையும் சேர்த்துக் கட்டி, அதன் வழியாக 100 மைக்ரோ ஆம்பியரைச் செலுத்துகிறோம். அந்த மின்னோட்டத்துக்குத் தேவையான கேட் மின்னழுத்தம் அங்கே தானாக உருவாகிறது. அதே அளவுள்ள இரண்டாவது மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் அதையே கொடுத்தால், அதிலும் 100 மைக்ரோ ஆம்பியர் ஓட வேண்டும்.

ஆனால் அளந்து பார்த்தால் 108 வரும், சில நேரம் 96 வரும்.

கேட் மின்னழுத்தம் மட்டுமே மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை. டிரெயினுக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. டிரெயின் மின்னழுத்தம் கூடும்போது அதைச் சுற்றியுள்ள வெறுமைப் பகுதி அகலமாகி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சேனலின் நீளத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. சேனல் குட்டையானால் மின்னோட்டம் ஏறும். பைபோலார் டிரான்சிஸ்டரில் இதற்கு இணையான விளைவை, பேஸ் ஒடுங்குவதை வைத்து ஜேம்ஸ் எர்லி 1952-இல் விளக்கினார். மிரரின் வெளியீட்டுக்கு இணையாக ஒரு மின்தடை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். அதுதான் வெளியீட்டு மின்தடை. அது முடிவிலியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சப்ளை 1.8 வோல்ட். டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்குகிற கேட் மின்னழுத்தமான திரெஷோல்டு 0.5 வோல்ட். 100 மைக்ரோ ஆம்பியர் ஓட அதற்கு மேல் இன்னும் 0.2 வோல்ட் வேண்டும், ஆக கேட் 0.7 வோல்ட்டில் நிற்கிறது. வெளியீட்டு மின்தடை 100 கிலோ ஓம். முதல் டிரான்சிஸ்டரின் டிரெயின் கேட்டோடு கட்டப்பட்டிருப்பதால் அதுவும் 0.7 வோல்ட்டில்தான் இருக்கிறது. இரண்டாவதன் டிரெயினும் 0.7-இல் இருந்தால் இரண்டும் எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருக்கும், நகல் சரியாக 100. வெளியீடு 1.5 வோல்ட்டுக்குப் போனால் கூடுதலான 0.8 வோல்ட், 100 கிலோ ஓமில் 8 மைக்ரோ ஆம்பியரைத் தள்ளும். 0.3 வோல்ட்டுக்கு இறங்கினால் 4 மைக்ரோ ஆம்பியர் குறையும். 0.2-க்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர், மின்னோட்டம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிற சாச்சுரேஷன் நிலையை விட்டே வெளியேறி, மின்னோட்டம் சரிந்துவிடும்.

பிழை இதனால்தான் வருகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வெளியீட்டு மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, மின்னோட்டத்தை வரைபடமாக்குங்கள். கோட்டின் சரிவு வெளியீட்டு மின்தடையைச் சொல்லிவிடும். பிறகு, வெளியீடு கேட் மின்னழுத்தத்துக்குச் சமமாகிற புள்ளியை, நம் கணக்கில் 0.7 வோல்ட்டை, பாருங்கள். அங்கே 100 கிடைத்தால் குற்றவாளி வெளியீட்டு மின்தடை மட்டுமே. அங்கேயும் 102 காட்டினால், அந்த 2 இரண்டு டிரான்சிஸ்டர்களும் அச்சு ஒன்றாக இல்லாததால் வந்தது. திரெஷோல்டில் வெறும் 2 மில்லி வோல்ட் வித்தியாசம் இருந்தாலே இந்த உதாரணத்தில் 2 சதவீதப் பிழை வரும். இனி சொல்லப்போகிற சுற்று எதுவும் அதைச் சரி செய்யாது.

சரி, முதலில் தோன்றுகிற தீர்வு சேனலை நீளமாக்குவது. நீளத்தை 4 மடங்காக்கினால் வெளியீட்டு மின்தடையும் ஏறக்குறைய 4 மடங்காகும். ஆனால் அதே 0.2 வோல்ட்டில் அதே மின்னோட்டம் ஓட வேண்டுமானால் அகலத்தையும் 4 மடங்காக்க வேண்டும். பரப்பு 16 மடங்கு, பிழையோ கால்வாசிதான் ஆகிறது. 

கேஸ்கோடு செய்வது இதைவிட அழகான வேலை. இரண்டாவது டிரான்சிஸ்டரின் தலைமேல் இன்னொன்றை அடுக்கி, அதன் கேட்டை ஒரு நிலையான மின்னழுத்தத்தில் கட்டிவிடுகிறோம். வெளியீடு இப்போது மேல் டிரான்சிஸ்டரின் டிரெயினில். அது 0.8 வோல்ட் ஏறட்டும். மேல் டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் கூடப் பார்க்கும். அப்படிக் கூடினால் அந்த மின்னோட்டம் கீழே உள்ள 100 கிலோ ஓமில் பாய்ந்து நடுப்புள்ளியை மேலே தூக்கும். நடுப்புள்ளிதான் மேல் டிரான்சிஸ்டரின் சோர்ஸ். கேட் அசையாமல் இருக்க, சோர்ஸ் மட்டும் ஏறினால் இரண்டுக்கும் நடுவிலான மின்னழுத்தம் சுருங்கி, கூட வந்த மின்னோட்டம் அமுங்கிவிடும். இந்த டிரான்சிஸ்டரின் உள்ளார்ந்த பெருக்கம், அதாவது கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவிலான சின்ன மாற்றத்தை அது தனியாகப் பெருக்கக்கூடிய அளவு, 100. அதனால் 0.8 வோல்ட் ஏற்றத்தில் நடுப்புள்ளிக்குப் போய்ச் சேருவது 8 மில்லி வோல்ட்தான். கீழே இருப்பவர் உணர்வது அவ்வளவே. மின்னோட்ட மாற்றம் 8-லிருந்து 0.08 மைக்ரோ ஆம்பியராக விழுகிறது, அதாவது வெளியீட்டு மின்தடை 10 மெகா ஓம் ஆகிவிட்டது.

இதற்கு விலை உண்டு. உள்ளீட்டுப் பக்கத்திலும் இரண்டு டிரான்சிஸ்டர்களை அடுக்கிக் கட்டுகிற எளிய கேஸ்கோடில் நடுப்புள்ளி 0.7 வோல்ட்டில் நிற்கிறது. மேல் டிரான்சிஸ்டருக்கு இன்னும் 0.2 வேண்டும். ஆக வெளியீடு 0.9 வோல்ட்டுக்குக் கீழே வரக் கூடாது. 1.8 வோல்ட் சப்ளையில் பாதி போயிற்று!

கீழ் டிரான்சிஸ்டருக்கு உண்மையில் 0.2 வோல்ட் போதுமே, ஏன் 0.7 கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். மேல் கேட்டைத் தனியாக ஒரு பயாஸ் சுற்றிலிருந்து 0.9 வோல்ட்டில் நிறுத்தினால் நடுப்புள்ளி 0.2-க்கு இறங்கும், வெளியீடு 0.4 வோல்ட் வரை வரலாம். இதை அகல வீச்சுக் கேஸ்கோடு என்கிறோம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. உள்ளீட்டுப் பக்கத்தில் பழையபடி ஒற்றை டிரான்சிஸ்டரையே விட்டுவிட்டால், அதன் டிரெயின் 0.7-இலும் வெளியீட்டுப் பக்கத்துக் கீழ் டிரான்சிஸ்டரின் டிரெயின் 0.2-இலும் நிற்கும். அந்த 0.5 வோல்ட் வித்தியாசத்தால் மின்னோட்டம் 100-க்குப் பதிலாக ஏறக்குறைய 95 ஆகும். வரைபடம் தட்டையாக, பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் தவறான இடத்தில் தட்டையாக இருக்கும். வெளியீட்டு மின்தடையைக் கூட்டுவது மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும், அவ்வளவுதான். அது சரியான அளவில் நிற்க, கீழே உள்ள இரண்டு டிரெயின்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தாக வேண்டும். அதனால் உள்ளீட்டுப் பக்கத்திலும் அதே 0.9 வோல்ட் கேட்டுடன் ஒரு கேஸ்கோடு டிரான்சிஸ்டரைச் செருகி, கீழ் டிரான்சிஸ்டரின் கேட்டை அந்த மேல் டிரான்சிஸ்டரின் டிரெயினோடு கட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் 0.2, நகல் மறுபடி 100. நடைமுறையில் 0.2-இன் விளிம்பிலேயே நிற்க விடாமல், பயாஸைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது நல்லது.

இதே பொறி வில்சன் மிரரிலும் உண்டு. 1967-இல் டெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய ஜார்ஜ் வில்சன் மூன்றே டிரான்சிஸ்டரில் பின்னூட்டம் வைத்து அதை உருவாக்கினார். அதை மாஸ்ஃபெட்டில் கட்டினால், உள்ளீட்டு டிரான்சிஸ்டரின் டிரெயின் 1.4 வோல்ட்டிலும் அதன் ஜோடியின் டிரெயின் 0.7-இலும் நிற்கும். நான்காவதாக ஒரு டிரான்சிஸ்டரை உள்ளீட்டுப் பக்கத்தில் சேர்த்து அந்த வித்தியாசத்தை நீக்குவதுதான் மேம்படுத்தப்பட்ட வில்சன் மிரர்.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற 10 மெகா ஓமும் மெதுவாக மாறுகிற சிக்னல்களுக்கு மட்டும்தான். வெளியீட்டு முனையில் 0.1 பிக்கோ ஃபாரட் ஒட்டுக் கொள்ளளவு இருந்தாலே, சுமார் 160 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் மின்மறுப்பு இறங்கத் தொடங்கும். 16 மெகா ஹெர்ட்ஸில் அது 100 கிலோ ஓமுக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் ஓடுகிற சுற்றுக்கு, மேலும் ஒரு டிரான்சிஸ்டரை அடுக்குவதைவிட அந்த முனையின் கொள்ளளவைக் குறைப்பதுதான் பலன் தரும்.