தீர்மானத்துக்குப் பிந்திய செவிமடுப்பு

ஒருவருக்குப் பாதகமான முடிவை எடுத்துவிட்டு, அவர் பக்க நியாயத்தை அதன் பிறகு கேட்பதைத்தான் சட்டத்தரணிகள் ‘போஸ்ட் டிசிஷனல் ஹியரிங்’ என்கிறார்கள். ‘ஹியரிங்’ என்பதற்கு விசாரணை என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அதிகாரி நம்மைக் கேள்வி கேட்பதும் விசாரணைதான். இங்கே நாம் சொல்வதை அவர் கேட்க வேண்டும் என்பதால் ‘தீர்மானத்துக்குப் பிந்திய செவிமடுப்பு’ பொருத்தமாக இருக்கும்.

இந்தியாவில் இந்தப் பேச்சு 1978இன் மேனகா காந்தி வழக்கோடு பரவியது. கடவுச்சீட்டை முடக்கிய பிறகாவது அவரைக் கேட்கலாமா என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று. ஆனால் 1987இல் கே. ஐ. ஷெப்பர்ட் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமே கையை இறுக்கியது: முடிவெடுத்தவருக்கு அதைக் காப்பாற்றும் மனப்போக்கு வந்துவிடும், பிறகு கேட்பதில் பயன் குறைவு.

வன்னியில் இது காணி விடயத்தில்தான் அதிகம் சுடும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, காணி உத்தரவுப் பத்திரத்தை, அதாவது பெர்மிட்டை, ரத்துச் செய்வதற்கு முன்பே, காரணம் காட்டுமாறு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் பெர்மிட் வைத்திருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2009இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்புகிறார். ‘காணியில் குடியிருக்கவில்லை, பெர்மிட் ரத்து’ என்று கடிதம் வருகிறது. முறையிட்டதும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ‘ஏன் காணியில் இருக்கவில்லை?’ என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். முடிவு மாறவில்லை.

பிறகு கூப்பிட்டுக் கேட்டது, முன்னறிவித்தல் கொடுக்காத முதல் குறையைத் தீர்க்குமா? இங்கிலாந்தில் 1963இல் தீர்ந்த ரிட்ஜ் எதிர் போல்ட்வின் வழக்கில் நீதிபதி ரீட் பிரபு தெளிவாகச் சொன்னார்: அவசரப்பட்டதை உணர்ந்து, உரிய சந்தர்ப்பம் கொடுத்து, முழு விடயத்தையும் புதிதாகப் பரிசீலித்தால் பின்னைய முடிவு செல்லும். அந்த வழக்கில் பொலிஸ் அதிகாரியின் வழக்கறிஞரைப் பிறகு கேட்டார்கள். குற்றச்சாட்டின் விபரம் கொடுக்கவில்லை. ஆகவே குறை தீரவில்லை.

அந்தப் பெண்ணுக்கும் இதே அளவுகோல்தான். கள அறிக்கையின் பிரதி அவர் கையில் கிடைத்ததா? இடம்பெயர்வுப் பதிவைக் காட்ட விட்டார்களா? காணி இதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டதா? போயிருந்தால் திறந்த மனதோடு கேட்டார்கள் என்று நம்புவது கஷ்டம். அதோடு முன்னறிவித்தலைச் சட்டமே கேட்கும்போது, பின்னால் கூப்பிட்டுப் பேசியது அதற்கு ஈடாகிவிடாது. பழுதான உணவைக் கடையிலிருந்து உடனே பறிமுதல் செய்வது போன்ற அவசரத்தில் முதலில் செய்துவிட்டுப் பிறகு கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்கும். காணி ரத்தில் அப்படி என்ன அவசரம்?

கூப்பிட்டால் போகாமல் விடக்கூடாது. ஆனால் முதல் வேலையாக, ‘முன்னறிவித்தல் தரப்படவில்லை என்ற ஆட்சேபனையோடுதான் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் உரிமையைக் கைவிட்டதாகப் பிறகு வாதிடுவார்கள். அப்புறம், முடிவை நீக்கக் கோரி நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்குத் தாமதிக்க வேண்டாம். தாமதமும் மனுவைக் கெடுக்கும்.